வடிகட்டி இல்லாமல் தெளிந்த காபி

கூடாரம் போட்டாயிற்று, அடுப்பு பற்றிக்கொண்டது, பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிறது, கையில் காபித்தூளும் இருக்கிறது. பில்டர் மட்டும் இல்லை. துணியும் வடிகட்டியும் கூட இல்லை. தூளை நேரே கொதிநீரில் போட்டால் பல்லில் நெறநெறக்காத காபி கிடைக்குமா என்று கேட்டால், தாராளமாகக் கிடைக்கும் என்பதுதான் பதில். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி காகித வடிகட்டிக்குக் காப்புரிமை பெற்றது 1908-ல். அதற்கு முன் உலகின் பல வீடுகளில் காபி என்றாலே கொதிக்கவைத்துத் தெளியவிட்டு இறுத்ததுதான். நம் ஊர்ப்பக்கமும் கருப்பட்டியைக் கொதிக்கவிட்டு, அதில் தூளைப் போட்டு மூடிவைத்து, தெளிந்ததும் மேலாக இறுத்துக் குடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கசடை அடியில் இறக்க முகாம்வாசிகள் இரண்டு வழிகளைச் சொல்வார்கள். ஒன்று, கடைசியில் பச்சைத்தண்ணீர் தெளிப்பது. இன்னொன்று, தூளோடு முட்டையைப் பிசைந்து போடுவது. இரண்டுமே பலன் தரும். ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு வேறு. அந்த வேறுபாடு பிடிபட்டால் எந்தக் காட்டிலும் எந்தப் பாத்திரத்திலும் காபி கெடாது.

முதலில் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காபிக்கொட்டையை வறுக்கும்போது உள்ளே கரியமில வாயு உண்டாகிறது. கொட்டை உப்பி, உள்ளெல்லாம் நுண்ணிய அறைகளாகிவிடுகிறது. வாயுவில் ஒரு பகுதி அந்த அறைகளிலேயே தங்கிவிடும். அரைத்த தூள் வெந்நீரில் விழுந்ததும் அது நுரையாகக் கிளம்புகிறது. தூள் மேலே மிதப்பதும், பழுப்பு நிற நுரையோடு ஒரு தொப்பிபோலத் திரள்வதும் இதனால்தான். புதிதாக வறுத்த கொட்டை என்றால் தொப்பி இன்னும் கனமாக இருக்கும். சில நிமிடங்களில் வாயு வெளியேறி, அந்த அறைகளில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. அப்போது தூள் தண்ணீரைவிடக் கனமாகித் தானாகவே கீழே இறங்கத் தொடங்கும். தூளில் பெரும்பங்கு யாருடைய உதவியும் இல்லாமல் அடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தொல்லை தருவது மிச்சம் இருக்கும் இரண்டு வகைதான். நுரையில் சிக்கி மேலேயே நிற்கும் துகள்கள் ஒரு வகை. மாவுபோல நைந்து நடுவில் மிதந்துகொண்டே இருக்கும் பொடி இன்னொரு வகை. முதல் வகையைக் கரண்டியால் கலக்கியே இறக்கிவிடலாம். இரண்டாவது பிடிவாதமானது. நுண்துகள்கள் நீரில் இறங்கும் வேகம் அவற்றின் பருமனைப் பொறுத்தது. பருமன் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். ஒரு துகள் ஒரு நிமிடத்தில் அடியைத் தொடுகிறது என்றால், அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள பொடிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காபி சூடாக இருக்காது.

ஆகவே இந்தக் காபியின் தலையெழுத்து அடுப்படியில் எழுதப்படுவதில்லை, அரைக்கும் கடையில் எழுதப்படுகிறது. நம் பித்தளை பில்டருக்கு என்று அரைக்கும் தூள் இதற்கு மிகவும் நைஸ். பாம்பே ரவையைவிடப் பெரிதாக, உடைத்த மிளகின் அளவுக்குக் கரகரப்பாக இருக்கவேண்டும். நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில் கொதிக்கவைக்கும் காபிக்கென்றே கரகரப்பாக அரைத்த தூள் இன்றும் கடைகளில் தனியாக விற்கிறது. அங்கே காட்டுக்கும் மீன் பிடிக்கவும் போகிறவர்கள் அந்தப் பொட்டலத்தைத்தான் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

சிக்கரி கலந்த தூளும் வேண்டாம். சிக்கரியில் கரையும் பொருள் மிக அதிகம். தண்ணீரைக் கருப்பாக்கி, கொஞ்சம் கெட்டியாகவும் ஆக்கிவிடும். கரையாத சக்கையும் குழைந்துபோகும். பாத்திரத்துக்குள் தெளிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பில்டர் காபிக்குச் சிக்கரி சேர்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் நாக்கின் வழக்கு. தெளியவைக்கும் காபியில் மட்டும் அதற்கு இடமில்லை.

இனி பச்சைத்தண்ணீர் முறை. நான்கைந்து பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். தூள் 60 முதல் 65 கிராம். தராசு இல்லாத இடத்தில் ஒரு தம்ளர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்று கணக்கு வைத்தால் சரியாக வரும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அரை நிமிடம் பொறுத்து, தூளைப் போட்டு நன்றாகக் கலக்கி மூடவேண்டும். பிறகு தணலுக்குப் பக்கத்தில், நெருப்புக்கு மேல் இல்லாமல், நான்கு நிமிடம் வைக்கவேண்டும்.

தூளைப் போட்டபின்னும் கொதிக்கவிடுவது பழைய மாட்டுக்காரர்களின் பழக்கம். அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் மந்தை ஓட்டியவர்கள் காபியைக் கொதிக்கக் கொதிக்கவே குடித்தார்கள். ஆனால் கொதி நீளநீளக் கசப்பும் துவர்ப்பும் மேலும் இறங்கும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கொதிக்கும் நீர் சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும் நீரில் பொடி அடங்காது. ஒரு பொங்கு பொங்கியதும் இறக்கிவிடுவதுதான் உச்சவரம்பு.

நான்கு நிமிடம் ஆனதும் மூடியைத் திறந்தால் மேலே தொப்பி நிற்கும். கரண்டியால் அதை இரண்டு மூன்று முறை மெதுவாகக் கலைத்துவிட்டு, அரைத் தம்ளர் குளிர்ந்த நீரை, சுமார் 100 மில்லி, ஒரே இடத்தில் கொட்டாமல் மேற்பரப்பு முழுக்கத் தெளிக்கவேண்டும். பாத்திரத்தின் பக்கவாட்டில் கரண்டியால் லேசாகத் தட்டினால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தூளும் விழும். பிறகு மூன்று நிமிடம் தொடவே கூடாது. சூடு போய்விடுமே என்ற கவலை வேண்டாம். 90 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் காபியில் 15 டிகிரியில் உள்ள 100 மில்லி நீரைச் சேர்த்தால் சூடு 83 டிகிரிக்கு இறங்கும். குடிப்பதற்கு அதுவே இன்னும் சூடு அதிகம்தான்.

குளிர்ந்த நீர் வெந்நீரைவிடக் கனம், அதனால் அது கீழே இறங்கும்போது கசடையும் இழுத்துக்கொண்டு போகிறது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் பாதி உண்மை. கனமான நீர் கீழே இறங்கும் என்பது சரி. ஆனால் 100 மில்லி நீர் ஒரு லிட்டருக்குள் சில நொடிகளில் கலந்துபோய்விடும். நெடுநேரம் எதையும் இழுத்துக்கொண்டிருக்க முடியாது. அது உண்மையில் செய்வது, கொதியை உடனே அடக்குவதும், தொப்பியில் நிற்கும் நுரையைக் குளிரவைத்துச் சுருக்குவதும்தான். நுரை உடைந்தால் அதில் தொங்கிக்கொண்டிருந்த துகள்கள் விழுந்துவிடும். நடுவில் மிதக்கும் மாவுப்பொடியை அது எதுவும் செய்வதில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே பாத்திரத்திலிருந்து கலக்கிய காபியை இரண்டு தம்ளர்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் பச்சைத்தண்ணீர் தெளியுங்கள். மற்றதை நுரையைக் கலைத்துவிட்டு அப்படியே மூடி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தண்ணீர் சேர்த்தது கொஞ்சம் முந்திக்கொள்ளும், அவ்வளவுதான். என் கணக்கில் பச்சைத்தண்ணீருக்குக் கிடைக்கும் புகழில் பெரும்பகுதி அதற்குப் பின் நாம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் மூன்று நிமிடத்துக்குச் சேரவேண்டியது.

ஊற்றுவதிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு தம்ளருக்கும் பாத்திரத்தை நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டிருந்தால் அடிமண்டி கலங்கிவிடும். தம்ளர்களை வரிசையாக வைத்து, ஒரே சாய்ப்பில், நூல் பிடித்ததுபோல ஊற்றவேண்டும். கடைசி அரைத் தம்ளரைப் பாத்திரத்திலேயே விட்டுவிடவேண்டும். அதற்கு ஆசைப்பட்டால் எல்லாத் தம்ளரிலும் மண்டி வரும். கைப்பிடியைப் பிடித்துப் பாத்திரத்தைத் தலைக்குமேல் சுழற்றிக் கசடை இறக்கும் ஒரு வித்தையும் உண்டு. கைப்பிடி கழன்றால் ஒரு லிட்டர் கொதிநீர் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. அது வேண்டவே வேண்டாம்.

நடுவில் மிதக்கும் அந்த மாவுப்பொடியைப் பிடிக்கத்தான் முட்டை. கேட்டதும் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சமையலறைகளில் இது அன்றாட வழக்கம். முட்டை இல்லாதவர்கள் மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுத்த பசையைக்கூடப் போட்டார்கள். ஸ்காண்டிநேவியாவில் உலர்ந்த மீன்தோல் போடுவது உண்டு. பீட்ஸ்பர்க் வணிகர் ஜான் ஆர்பக்கிள் ஒரு படி மேலே போனார். வறுத்த கொட்டையின் மேலேயே முட்டையும் சர்க்கரையும் கலந்த பூச்சைப் பூசி, பொட்டலம் கட்டி விற்றார். பூச்சு மணத்தைக் காக்கும், காபியையும் தெளியவைக்கும் என்பது விளம்பரம். 1873-ல் வந்த அவருடைய ‘அரியோசா’ காபி மேற்கே மாடு மேய்த்தவர்களிடம் எவ்வளவு பரவியது என்றால், அவர்கள் காபியையே ஆர்பக்கிள் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

முட்டைக் காபியின் தெளிவான செய்முறையை எழுதிவைத்தவர்களில் ஒருவர் பேனி பார்மர். பாஸ்டன் சமையல் பள்ளியின் பெயரில் 1896-ல் அவர் வெளியிட்ட சமையல் நூல் அமெரிக்கா முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அவருடைய அளவு இப்போதும் அப்படியே முகாமுக்குப் பொருந்தும். ஒரு கப் தூள், ஒரு முட்டை, ஒரு கப் குளிர்ந்த நீர், ஆறு கப் கொதிநீர். நம் கணக்கில் தூள் 85 கிராம், குளிர்ந்த நீர் 240 மில்லி, கொதிநீர் ஏறத்தாழ 1 லிட்டர் 400 மில்லி. ஏழு தம்ளர் காபி தாராளமாகக் கிடைக்கும்.

செய்வது இப்படி. முட்டையைக் கழுவிவிட்டு உடைத்து, வெள்ளையும் மஞ்சளும் சேர லேசாக அடித்து, குளிர்ந்த நீரில் பாதியை அதில் ஊற்றிக் கலக்கவேண்டும். ஓட்டையும் நொறுக்கிப் போட்டு, தூளைக் கொட்டிப் பிசைந்தால் ஈரமண் போன்ற ஒரு கலவை வரும். பார்க்க அழகாக இருக்காது. உலர்ந்த தூள் எங்கும் தெரியாத அளவுக்குப் பிசைவதுதான் முக்கியம். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கக்கூடாது, ஏனெனில் இது பாலைப்போலப் பொங்கும். தண்ணீர் கொதிக்கும்போது கலவையைப் போட்டு ஒரு முறை நன்றாகக் கலக்கி, தீயைக் குறைத்து, மூன்று நிமிடம் சிறு கொதியில் விடவேண்டும்.

அந்த மூன்று நிமிடத்தில் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் நீர் சேறாகக் கலங்கும். பிறகு தூள் கட்டிகட்டியாகச் சேர்ந்து, பழுப்பு அடைபோல மேலே மிதக்கும். அடைக்கு நடுவே பிளவு விடும் இடத்தில் தேன் நிறத்தில் தெளிந்த காபி தெரியும். அது தெரிந்தால் வேலை முடிந்தது. இறக்கி மூடி, தணல் ஓரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, மீதிப் பாதி குளிர்ந்த நீரை ஊற்றினால் அடை உடைந்து அடியில் போய் உட்காரும். பேனி பார்மர் இங்கே ஒரு நுணுக்கம் சொல்கிறார். அந்த நீரை ஊற்றுவதற்கு முன், கொஞ்சம் காபியைக் கப்பில் ஊற்றி, கெட்டிலின் மூக்கில் தங்கிய கசடை வெளியேற்றி, அதைத் திரும்பப் பாத்திரத்திலேயே கொட்டிவிடவேண்டும். மூக்குள்ள கெட்டில் கொண்டுபோகிறவர்கள் இதை விடாமல் செய்யுங்கள். முதல் தம்ளரில் வரும் கசடு பெரும்பாலும் மூக்கில் இருந்ததுதான்.

இதன் காரணம் புரதம். முட்டை வெள்ளையின் புரதங்கள் 60 டிகிரிக்கு மேல் உறையத் தொடங்கி, 80 டிகிரிக்குமேல் இறுகிவிடும். தூளின் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் முன்பே பூசப்பட்டிருப்பதால், உறையும்போது பெரிய துகளும் மாவுப்பொடியும் ஒரே வலையில் சிக்கிக்கொள்கின்றன. தனியாக ஒன்றரை மணி நேரம் மிதந்திருக்கவேண்டிய பொடி, கட்டியோடு கட்டியாகச் சில நிமிடங்களில் இறங்கிவிடுகிறது. கலங்கிய கிணற்றுநீரில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தெளியவைத்தார்களே, அதுவும் சிறு துகள்களைப் பெரிதாகத் திரட்டிக் கீழே இறக்கும் இதே உத்திதான். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. காபியில் துவர்ப்பு தரும் பொருள்கள் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அவற்றில் ஒரு பங்கு முட்டையோடு போய்விடுவதால் கையில் வரும் காபி மென்மையாக, வழுவழுப்பாக இருக்கும். முட்டை வாடையோ ருசியோ தெரியாது. மினசோட்டா மாநிலத்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியக் குடும்பங்கள் தேவாலய விருந்துகளில் பெரிய பாத்திரங்களில் இதைத்தான் காய்ச்சினார்கள். அம்மாநிலத்தின் ஆண்டுச் சந்தையில் சேலம் லூத்தரன் தேவாலயத்தின் உணவுக்கூடம் முட்டைக் காபிக்கென்றே பெயர் பெற்றது.

ஓட்டை மட்டும் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஓடு வெறும் சுண்ணாம்பு. அது புளிப்பைக் கொஞ்சம் தணிக்கலாம், பொடியைப் பிடிக்காது. ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் வெள்ளைதான் ஏதோ கொஞ்சம் வேலை செய்கிறது.

தப்பு நடந்தால் காபியே காட்டிக்கொடுக்கும். தண்ணீர் போதிய சூடு இல்லாதபோது கலவையைப் போட்டால் புரதம் உறையாமல் நீர் பால்கலந்ததுபோல் மங்கி, மேலே சாம்பல் நிற நுரை நிற்கும். மறுபடி அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும். மாறாக, தீயை எரியவிட்டுத் தளதளவென்று கொதிக்கவைத்தால் அடை சிதறி நூல்நூலாகத் தம்ளரில் வரும். அதற்கு மருந்து கிடையாது, காத்திருந்து மேலாக இறுத்துக்கொள்வதுதான் வழி. நெடுநேரம் கொதித்தால் அவித்த முட்டையின் கந்தக வாடையும் வரும். முட்டை அதிகமானால் காபி வெளுத்துச் சப்பென்று இருக்கும். 85 கிராம் தூளுக்கு ஒன்றுக்குமேல் தேவையில்லை. மலை உயரம் ஒரு தடையில்லை. 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவில் கொதித்துவிடும். புரதம் உறைய அது போதும்.

பால் சேர்க்கிறவர்கள் பாத்திரத்தில் சேர்க்கக்கூடாது. தெளிந்ததைத் தம்ளரில் ஊற்றியபின் சூடான பாலோ பால்பவுடரோ கலந்துகொள்ளவேண்டும். இந்தக் காபி நம் டிகாக்ஷன் அளவுக்குத் திடமாக இருக்காது என்பதால், பால் காபிக்குத் தூளை ஒன்றரை மடங்காக்குவது நல்லது. முட்டையால் மென்மையான காபி பாலில் கரைந்தே போய்விடும். பாலுக்குப் பச்சைத்தண்ணீர் முறை, கருப்புக் காபிக்கு முட்டை முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாகவேண்டும். முட்டை போட்டது குடிக்கிறவர்களுக்குத் தெரியாது. ருசியிலும் பிடிபடாது. சைவ உணவுக்காரர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் கூட்டத்தில் இருக்கலாம். காய்ச்சுவதற்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுவது நம் கடமை. அடுத்தது கொழுப்பு. வடிகட்டாத காபியில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் தங்கிவிடுகிறது. அது ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டும். நார்வேயின் வடகோடியில் உள்ள டிரோம்சோ நகரில் 1980-களில் நடந்த ஆய்வுகள் இந்தத் தொடர்பைத் தொட்டுக் காட்டின. காகித வடிகட்டி அந்தப் பொருளைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். முகாமில் இரண்டு நாள் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. கொலஸ்டிராலுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை வீட்டில் அன்றாடப் பழக்கமாக்க வேண்டாம்.

குடித்து முடித்ததும் அடிச்சக்கையைப் புதரில் வீசிவிட்டு வராதீர்கள். முட்டை கலந்த சக்கை காட்டு விலங்குகளை முகாமுக்கே வரவழைக்கும். ஒரு பையில் கட்டி ஊருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நம் காப்புக்காடுகளில் தீ மூட்ட அனுமதியில்லை. அனுமதி உள்ள முகாம் இடங்களில் மட்டும் அடுப்பு வையுங்கள். கிளம்புவதற்கு முன் காபித்தூள் கடைக்காரரிடம் ‘சிக்கரி வேண்டாம், நல்லா கரகரப்பா’ என்று சொல்லிக் கால் கிலோ அரைத்து வாங்கி, வீட்டு அடுப்பிலேயே ஒருமுறை காய்ச்சிப் பாருங்கள். முட்டை அடை மிதக்கும் விதத்தை அங்கே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் காட்டில் தடுமாற்றம் இருக்காது.